நெல்லைப் பேச்சில் உரையாடல்: வாசகர் தடுமாறும் இடங்களைக் கண்டறிந்து திருத்தும் வழிமுறை

திருநெல்வேலிப் பேச்சில் உரையாடல் அமைந்த ஒரு சிறுகதையைச் சேலத்திலோ வேலூரிலோ இருக்கும் வாசகர் தடையின்றிப் படித்துச் செல்ல வேண்டும். அதே கதையைப் படிக்கும் அம்பாசமுத்திரத்துக்காரர், இது தம் ஊர்ப் பேச்சுதான் என்று ஐயமின்றி ஏற்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று பலர் கருதுகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. வாசகரைத் தடுக்கும் கூறுகளும் ஊரைக் காட்டும் கூறுகளும் பெரும்பாலும் வேறு வேறானவை. எது எது என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகக் கூட்டுவதாலும் மொத்தமாகக் குறைப்பதாலும்தான் உரையாடல் கெடுகிறது.

கீழே வருபவை, கைப்பிரதியைத் திருத்தும்போது தென்படும் குறிகளும் அவற்றுக்கான காரணங்களும் திருத்தும் முறையும் ஆகும். எடுத்துக்காட்டுகள் அனைத்தும் நெல்லைப் பேச்சிலிருந்து தரப்படுகின்றன. வேறு வட்டாரத்தில் எழுதுபவர் விகுதிகளை மாற்றிக்கொண்டு இதே முறையைப் பின்பற்றலாம்.

குறி: வெளியூர் வாசகர் ஒரு வரியை வாய்விட்டுப் படித்த பிறகே பொருள் கொள்கிறார்

மிகுதியாகக் காணப்படும் பிழை இதுவே. காதில் விழுந்த ஒலியை அப்படியே எழுத்தில் பிடிக்க முயல்வதே இதற்குக் காரணம். சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நாற்று நட்டிருக்கும் ஒரு குடும்பத்தின் கதை என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவர் அண்டை வயல்காரரின் மகனிடம் பேசுகிறார். அந்தக் குடும்பம் அப்பாவை அய்யா என்று அழைக்கும் குடும்பம். கைப்பிரதியில் இப்படி இருக்கிறது:

“எல, ஒங்கய்யாட்டச் சொன்னியால நேத்தே காவாத்தண்ணி தொறந்துட்டாவன்னு? மடயத்தொறந்து போடாட்டி நாத்தெல்லாங்காஞ்சு கருகிப்போவும்லா. நாஞ்சொல்லுதெங்கேளு, வெரசாப்போயி மம்பட்டிய எடுத்துட்டு வால.”

இதில் பொய் எதுவும் இல்லை. பெரியவர் இப்படித்தான் பேசுவார். ஆனால் வெளியூர்க்காரரின் கண் “மடயத்தொறந்து” என்ற இடத்தில் நிற்கும். அது மடையைத் திறந்ததா, மடையன் என்ற வசவா என்று ஒரு கணம் தடுமாறும். “நாஞ்சொல்லுதெங்கேளு” என்பதில் சொல் எங்கே முடிகிறது என்று தேடும். “எல” என்பதை இலை என்று கூடப் படித்துவிடும்.

இந்த வரியில் எழுத்து மாறியிருக்கும் இடங்களை மூன்று வகையாகப் பிரிக்க வேண்டும். முதல் வகை, தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லோருடைய பேச்சிலும் நிகழும் ஒலிமாற்றம். திற என்பது தொற ஆவதும், இடம் எடமாவதும், உடம்பு ஒடம்பாவதும், சொல்லின் இறுதி ஐகாரம் தேய்ந்து தலை தல ஆவதும் இந்த வகையில் அடங்கும். இவை எந்த ஊரையும் காட்டுவதில்லை. அதோடு, இவற்றை எழுதிக் காட்ட வேண்டிய தேவையும் இல்லை. “தலை வலிக்குது” என்று ஒரு கதாபாத்திரம் பேசுவதாக எழுதினால், அதைப் படிக்கும் தமிழர் ஐகாரத்தைத் தானாகவே குறுக்கிப் படித்துக்கொள்கிறார். அவர் நாக்கில் ஏற்கனவே இருக்கும் ஒலியை நாம் எழுத்தில் வலியுறுத்தினால், அவருக்குச் சொல்லின் வழக்கமான உருவம் மறைந்துபோவது மட்டுமே மிஞ்சுகிறது. பழம் என்பதைப் பளம் என்று எழுதுவதும் இத்தகையதே. ழகரம் வராத ஒருவரின் உச்சரிப்பு கதைக்குள் ஒரு நிகழ்ச்சிக்குக் காரணமாகும்போது மட்டும் அதற்கு இடம் தரலாம்.

இரண்டாம் வகை, பேச்சுக்குரியதாக இருந்தாலும் அச்சில் நெடுங்காலமாகப் பழகிவிட்ட உருவங்கள். நேத்து, அஞ்சு, ஒண்ணு, வச்சு, அடிச்சு, காஞ்சு போன்றவற்றைத் தமிழ் வாசகர் தடையின்றி அறிவார். இவற்றைத் திருத்த வேண்டாம். நேற்று, ஐந்து என்று மாற்றினால் பேச்சு புத்தகமாகிவிடும். ஆனால் இந்த உருவங்களில் சில வேறொரு சொல்லோடு மோதுகின்றன. காத்து என்பது காற்றாகவும் இருக்கலாம், காத்திருந்து என்ற பொருளிலும் வரலாம். பண்ணி என்பது பன்றியும் ஆகும், செய்து என்பதும் ஆகும். கண்ணு என்பது கண்ணா, கன்றா என்று தெரியாமல் போகலாம். மோதும் இடத்தில் சொல்லின் உருவத்தைக் காட்டிலும் பக்கத்துச் சொல்லை மாற்றுவதே நல்லது. “காத்து வந்துச்சு” என்பதைவிட “மேல்காத்து வந்துச்சு” என்பதில் குழப்பம் இல்லை, “கண்ணு எங்க?” என்பதைவிட “கண்ணுக்குட்டி எங்க?” என்பது ஐயத்துக்கு இடம் தருவதில்லை.

மூன்றாம் வகைதான் ஊர். திறந்துட்டாவ, சொல்லுதேன், போகும்லா என்ற விகுதிகளும், ஏலே என்ற விளியும், வெரசா என்ற சொல்லும் நெல்லைக்குரியவையாகவோ நெல்லையோடு சேர்ந்த தென்பகுதிக்குரியவையாகவோ இருக்கின்றன. இவற்றை வாசகர் தாமாக நிரப்பிக்கொள்ள முடியாது. “சொல்றேன்” என்று எழுதிவிட்டால், படிப்பவர் அதைச் “சொல்லுதேன்” என்று மனத்துக்குள் மாற்றிக் கேட்கப் போவதில்லை. ஆகையால் இவற்றில் கைவைக்கக் கூடாது.

இந்தப் பிரிவின்படி திருத்திய வரி இவ்வாறு அமையும்:

“ஏலே, உங்க அய்யாகிட்ட சொன்னியா, நேத்தே கால்வாயில தண்ணி திறந்துட்டாவன்னு? மடையைத் திறந்து போடாட்டி நாத்தெல்லாம் காஞ்சு கருகிப் போகும்லா. நான் சொல்லுதேன் கேளு, வெரசாப் போயி மம்பட்டியை எடுத்துட்டு வாலே.”

ஒட்டிக் கிடந்த சொற்கள் பிரிந்துவிட்டன; திற, மடை என்ற சொற்கள் தம் உருவத்துக்குத் திரும்பிவிட்டன; இரண்டாம் வேற்றுமைக்கு ஐகாரம் கிடைத்ததால் மடையன் பற்றிய ஐயம் போய்விட்டது. “சொன்னியால” என்பதிலிருந்த விளியையும் நீக்கியிருக்கிறேன். அதற்கான காரணம் பின்னால் வரும். மம்பட்டி என்பதை மண்வெட்டி ஆக்கவில்லை. அந்தச் சொல் தெரியாதவருக்கும் வயல், மடை என்ற சூழல் அதை விளக்கிவிடுகிறது. உள்ளூர்க்காரர் இந்த வரியைப் படித்தால் அவருக்கு இதில் ஒன்றும் குறைந்ததாகத் தோன்றாது. நான் திருத்தியவை எல்லாம் அவர் வாயில் தானாக வந்துவிடும் ஒலிகள் மட்டுமே.

சொற்களைப் பிரிக்கும்போது ஒரு கவனம் தேவை. லா, லே, ன்னு போன்ற இடைச்சொற்களை முன்சொல்லிலிருந்து பிரித்துத் தனியே எழுதக் கூடாது. “போகும் லா” என்று எழுதினால் லா என்பது புரியாத தனிச்சொல்லாக நிற்கும். வினையோடு வினை ஒட்டிய இடத்தைப் பிரிப்பதும், இடைச்சொல்லைச் சேர்த்தே வைப்பதும் பெரும்பாலும் போதுமானவை. “வந்தாம்லா” என்பதை “வந்தான்லா” என்று எழுதுவதை நான் ஏற்கிறேன். னகரம் நின்றால் ஆண்பால் விகுதி கண்ணுக்குத் தெரிகிறது. உச்சரிப்பில் இழப்பும் இல்லை.

குறி: வாசகர் சரியாகப் படித்தும் தவறாகப் பொருள் கொள்கிறார்

இது முந்தைய பிழையைவிட ஆபத்தானது. தடுக்கினால் வாசகருக்குத் தெரியும். தவறாகப் புரிந்துகொண்டால் அவருக்கே அது தெரியாது.

நெல்லைப் பேச்சில் நிகழ்காலம் “க்கிற” என்ற பகுதியைச் சுருக்கிவிடுகிறது. படிக்கிறான் என்பது படிக்கான் என்றும், பார்க்கிறேன் என்பது பாக்கேன் என்றும் வரும். அஃறிணையில் வலிக்கிறது என்பது “வலிக்கு” என்று நிற்கும். அது நான்காம் வேற்றுமை உருபு ஏற்ற பெயரைப் போலவே தோன்றுகிறது. முதுகின் கீழ்ப்பகுதி வலிப்பதை “எனக்குக் குறுக்கு வலிக்கு” என்று எழுதினால், வெளியூர் வாசகர் அதைக் குறுக்கு வலிக்கான மருந்து என்பது போன்ற ஏதோ ஒன்றின் தொடக்கமாகக் கொண்டு, வராத சொல்லுக்காகக் காத்திருப்பார். இங்கே விகுதியை வலிக்குது என்று மாற்றுவது எளிது; ஆனால் மாற்றினால் ஊர் போய்விடும். விகுதியைக் காப்பாற்றிக்கொண்டு வரியின் அமைப்பை மாற்ற வேண்டும். “ரெண்டு நாளா குறுக்கு வலிக்குலே” என்று பின்னால் ஓர் இடைச்சொல் சேர்ந்தால் அது வினைமுற்று என்பது உறுதியாகிவிடுகிறது. “ரொம்ப வலிக்கு” என்று அடை சேர்ப்பதும் உதவும். முக்கியமான செய்தியைத் தாங்கும் வரியில், வாசகர் முதன்முதலாக இந்த விகுதியைச் சந்திக்கும்படி வைக்காமல் இருப்பது இன்னொரு வழி. “மழை அடிக்கு”, “கதவு திறந்திருக்கு” போன்ற எளிய வரிகளில் அவரைப் பழக்கிவிட்டால், பிறகு வருவதை அவரே புரிந்துகொள்வார்.

சொற்களிலும் இதே சிக்கல் உண்டு. மேலே கண்ட குறுக்கு, இடுப்புக்குப் பின்புறத்தைக் குறிக்கும் சொல். சாரம் என்பது நெல்லையில் இடுப்பில் கட்டும் கைலி. மற்றவர்களுக்கு அது கட்டடத்துக்குக் கட்டும் மரச்சட்டம் அல்லது ஒன்றின் சத்து. “அவன் சாரம் கட்டிட்டு இருக்கான்” என்ற வரியைச் சென்னை வாசகர் கொத்தனார் வேலையாகவே எடுத்துக்கொள்வார். தெரியாத சொல்லைவிட, வேறு பொருளில் தெரிந்த சொல்தான் இவ்வாறு வழிதவறச் செய்யும். ஆகவே கதையில் உள்ள வட்டாரச் சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவற்றில் பொதுத்தமிழிலும் வேறு பொருளோடு வழங்குபவை எவை என்று தனியே குறித்துக்கொள்ள வேண்டும். இந்த வேலைக்கு அகராதிகள் உதவும். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, திருநெல்வேலி வழக்கு, யாழ்ப்பாண வழக்கு என்பன போன்றவற்றைச் சுருக்கக் குறிகளால் காட்டுகிறது. அகராதி சொல்லைத்தான் சொல்லும். வட்டார விகுதிகளுக்கும் விளிகளுக்கும் அதைப் பெரிதாக நம்ப முடியாது.

அவ்வாறு குறித்த சொல்லுக்கு அடைப்புக்குறிக்குள் பொருள் தரும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். உரையாடலுக்குள் அடைப்புக்குறி வந்தால், பேசிக்கொண்டிருந்தவரின் குரல் நின்று எழுத்தாளரின் குரல் குறுக்கிடுகிறது. சிறுகதையின் இறுதியில் சொற்பட்டியல் தருவதும் பயன் தராது. வாசகர் அதைக் காண்பதற்குள் கதை முடிந்திருக்கும். சொல்லின் பொருளைச் செயல் சொல்ல வேண்டும். “சாரத்தை மடிச்சுக் கட்டிட்டு ஓடைக்குள்ள இறங்குலே” என்றால் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. பெரியவர் ஒரு கையால் முதுகின் கீழ்ப்பகுதியை அழுத்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார் என்ற கதைசொல்லியின் வரிக்குப் பிறகு, குறுக்கு என்ற சொல் தடையின்றி வரலாம். கேட்பவரின் மறுமொழியும் உதவும். “பைய வாங்க” என்று ஒருவர் சொன்னதும், “எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல” என்று மற்றவர் மறுமொழி கூறினால், பைய என்பது மெதுவாக என்பதைச் சொல்லும் சொல் என்று வாசகர் உணர்ந்துகொள்கிறார். மறுமொழியில் அதே சொல்லை வலிந்து மொழிபெயர்க்க வைத்தால் மட்டும் அது பாடமாகிவிடும்.

குறி: எல்லாம் புரிகிறது, ஆனால் உள்ளூர்க்காரர் “இது எங்க பேச்சு இல்ல” என்கிறார்

அவரிடம் எந்தச் சொல் தவறு என்று கேட்டால் பெரும்பாலும் அவரால் சொல்ல முடியாது. காரணம், பிழை சொல்லில் இருப்பதில்லை. வினைமுற்றுகள் பல ஊர்களிலிருந்து கலந்து வந்திருக்கும். இதைக் கண்டறிய ஒரே ஒரு வினை போதும். “வருகிறார்கள்” என்பதை உங்கள் கதையில் யார் யார் எப்படிச் சொல்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். நெல்லையில் அது வாராவ. இராமநாதபுரம், கரிசல் பகுதிகளில் வாராக. கொங்கு நாட்டிலும் வடமாவட்டங்களிலும் வர்றாங்க. யாழ்ப்பாணத்தில் வருகினம். ஒரே தெருவைச் சேர்ந்த ஒரே வயதினர் இருவரில் ஒருவர் வாராவ என்றும் மற்றவர் வாராக என்றும் பேசினால், அதற்குக் கதையில் காரணம் இருக்க வேண்டும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த மருமகள் என்றால் அந்த வேறுபாடே ஒரு செய்தி. காரணம் இல்லையென்றால் அது பிழை.

திருத்துவதற்கு, எழுதத் தொடங்கும் முன்போ திருத்தத்தின்போதோ, சொல், செய், படி, வா, போ, இரு என்ற ஆறு வினைகளுக்கு நிகழ்காலத்தைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என எல்லா இடங்களிலும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சொல்லுதேன், சொல்லுதான், சொல்லுதாவ; படிக்கேன், படிக்கான், படிக்காவ; வாரேன், வாரான், வாராவ என்று அது போகும். சொல், செய் போன்ற வினைகள் “உத்” என்பதை ஏற்பதும், படி, பார் போன்றவை “க்கிற” என்பதைச் சுருக்குவதும் அந்தத் தாளில் தெளிவாகத் தெரியும். அந்த வேறுபாட்டை அறியாமல் “படிக்குதான்” என்று எழுதுவதே, வெளியூரிலிருந்து நெல்லைப் பேச்சை எழுதுபவர்களிடம் அடிக்கடி காணப்படும் தவறு. இந்த உருவங்களை நினைவிலிருந்து எழுதுவதைவிட, அந்த ஊர்க்காரர் ஒருவரை அவருடைய அனுமதியுடன் கைபேசியில் பதிவு செய்து, அவர் தம் போக்கில் ஏதேனும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வதைக் கேட்டு எழுதுவது நம்பத்தக்கது. “இதை உங்க ஊர்ல எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்டால் அவர் பெரும்பாலும் கவனத்துடன், நம்மை நோக்கித் திருத்திய பேச்சையே தருவார்.

வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் இருபத்தைந்து வயதுப் பேத்தியும் அவளுடைய ஆச்சியும் ஒரே அளவு வட்டார வழக்கில் பேச மாட்டார்கள். அலுவலகத் தோழியிடம் “எங்க வீட்ல எல்லாரும் வர்றாங்க” என்பவள், ஆச்சியிடம் தொலைபேசியில் பேசும்போது “எல்லாரும் வாராவளா ஆச்சி?” என்று மாறிவிடுவாள். இந்த மாற்றத்தை எழுத்தில் காட்டுவது கலப்படம் ஆகாது. அவள் யாரிடம் எப்படி இருக்கிறாள் என்பதை வேறு எந்த விளக்கமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது.

குறி: எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள், உறவுமுறை புலப்படவில்லை

நெல்லைப் பேச்சைக் காட்ட லே என்ற விளி போதும் என்று நினைத்து, எல்லோர் வாயிலும் எல்லா வரியிலும் அதைச் சேர்ப்பதால் இது நேர்கிறது. லே என்பது இளையவனையோ மிக நெருங்கிய ஒத்த வயதினனையோ அழைப்பது. அப்பாவிடமும் மாமாவிடமும் கடைக்கார அண்ணாச்சியிடமும் ஒருவன் அப்படிப் பேச மாட்டான். பெண் பிள்ளையை ஏட்டி என்று அழைப்பார்கள். வயதான பெண்கள் இளைய பெண்களை ஏளா என்பதும் உண்டு. பெரியவர்களிடம் “எப்ப வந்திய?”, “நல்லா இருக்கியளா?” என்ற விகுதி வரும், அங்கே இல்லாத பெரியவரைப் பற்றிப் பேசும்போது அவிய சொன்னாவ என்று வரும். தன் கணவரைப் பற்றி ஒரு பெண் அவிய என்று மட்டுமே சொல்லி, ஒரு முறையும் பெயரைச் சொல்லாமலே ஒரு முழு உரையாடலை நடத்திவிட முடியும்.

இந்தப் படிநிலையின் நடுவில் இருக்கும் வே என்ற விளிதான் மிகுதியாகத் தவறாக எழுதப்படுகிறது. அது மரியாதை கலந்த சமநிலை. வளர்ந்த ஆண்கள் தமக்குள் பேசிக்கொள்வது. அது நீ என்பதோடு சேராது. நீர் என்பதோடுதான் சேரும். “என்னவே, நீ எப்ப வந்தே?” என்ற வரி இலக்கணப்படி உடைந்த வரி. “என்னவே, நீரு எப்ப வந்தீரு? உம்ம மகன் சௌக்கியமா?” என்பதுதான் இசைவானது. ஏவலிலும் வாரும், சொல்லும், இரும் என்றே வர வேண்டும். கைப்பிரதியில் வே வரும் ஒவ்வொரு இடத்திலும் அதே வரியில் நீ, உன், வா என்பவை இருக்கின்றனவா என்று பார்த்தால் இந்தப் பிழைகள் அனைத்தும் சிக்கிவிடும். வேயில் பேசிக்கொண்டிருந்த இரு நண்பர்களில் ஒருவர் சண்டையின் நடுவே திடீரென்று லேக்கு இறங்கினால், அது கன்னத்தில் விழும் ஓர் அறைக்கு ஒப்பானது. முதல் வரியிலிருந்தே விளிகளைச் சரியாக வைத்திருந்தால்தான் வாசகருக்கு அந்த அடி விழும்.

அளவைப் பொறுத்தவரை, கவனத்தை ஈர்க்கும்போதும், கோபத்திலும், கொஞ்சலிலும், ஏவலின் முடிவிலும் விளி இயல்பாக வரும். செய்தி சொல்லும் வாக்கியத்தின் நடுவில் அது குறையும். கன்னடியன் கால்வாய்ப் பெரியவரின் பேச்சில் நடுவிலிருந்த விளியை நீக்கி, தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வைத்ததற்கு இதுவே காரணம்.

குறி: திருத்திய பிறகு உரையாடல் உயிரிழந்துவிட்டது

வாசிப்பு எளிமைக்காக விகுதிகளையும் சேர்த்துக் கழுவிவிட்டதே பெரும்பாலும் இதன் காரணம். அப்படியானால் மூன்றாம் வகைக்குத் திரும்பிச் சென்று அவற்றை மீட்க வேண்டும். விகுதிகள் இருந்தும் வரி விறைப்பாக இருந்தால் சொல் வரிசையைப் பாருங்கள். எழுத்துத் தமிழில் வினை இறுதியில் நிற்கும். பேச்சில் அது பல நேரங்களில் முன்னால் வந்துவிடும். “உன் தம்பி ஊரிலிருந்து வந்துட்டானா?” என்பது கேள்வித்தாளைப் போல இருக்கிறது. “வந்துட்டானாலே உன் தம்பி, ஊர்ல இருந்து?” என்பதில் ஒரு மனிதர் பேசுகிறார். வரிசையை மாற்றுவதால் எந்தச் சொல்லின் எழுத்தும் கெடுவதில்லை என்பதால், வட்டார வழக்கை எழுதுபவருக்கு இதைவிடச் செலவு குறைந்த கருவி இல்லை. பாதியில் நிற்கும் வாக்கியமும், கேள்விக்கு நேர் மறுமொழி சொல்லாமல் வேறொன்றைத் தொடங்குவதும் இவ்வாறே பயன்படும்.

கதைசொல்லியின் நடைக்குள் உரையாடலின் சொற்கள் கசிவதையும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். படர்க்கையில் பொதுத்தமிழில் செல்லும் கதைசொல்லி, நடுவில் காரணமின்றி வெரசா என்றோ பொறவு என்றோ எழுதினால் அதை நீக்கலாம். கதை முழுவதும் ஊர்க்காரர் ஒருவர் சொல்வதாக அமைந்திருந்தால் இந்த விதி பொருந்தாது.

இறுதிச் சரிபார்ப்பு

கதையை இருவரிடம் தர வேண்டும். ஒருவர் அந்த ஊர்க்காரர். அவரிடம் எந்த ஊர்ப் பேச்சு என்று சொல்லாமல் கொடுத்து, எந்தப் பக்கத்து ஆட்கள் பேசுவது போல் இருக்கிறது, இந்தப் பெரியவருக்கு எத்தனை வயது இருக்கும் என்று கேட்க வேண்டும். மற்றவர் வெளியூர்க்காரர், அவர் கண் பின்னோக்கிச் சென்ற வரிகளை மட்டும் பென்சிலால் குறிக்கச் சொல்ல வேண்டும். பொருளை விளக்கச் சொன்னால் அவர் யோசித்துக் கண்டுபிடித்துவிடுவார். நமக்குத் தேவை அவர் நின்ற இடம். குறித்த வரிகள் கதையின் முதல் பக்கத்தில் மட்டும் இருந்தால் கவலைப்பட வேண்டாம், அவர் பழகிக்கொண்டார். கடைசிப் பக்கத்திலும் குறி தொடர்ந்தால் எழுத்துமுறையில் சிக்கல் இருக்கிறது.

அதன் பிறகு கணினியில் “றாங்க”, “கிறா”, “றேன்” என்ற எழுத்துச் சரங்களைத் தேட வேண்டும். உரையாடலுக்குள் கவனமின்றி நுழைந்த பொது உருவங்கள் இவற்றில் அகப்படும்; போறேன் போன்று நெல்லையிலும் வழங்குபவற்றை விட்டுவிடலாம். ஒரே சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துமுறை இருந்தால், எடுத்துக்காட்டாக ஏலே, ஏல, எல என்று மூன்றும் கலந்திருந்தால், ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை மாற்ற வேண்டும்.

பத்திரிகைக்கு அனுப்பும்போது, உரையாடலில் உள்ள விகுதிகள் அச்சுப்பிழை அல்ல என்பதையும், சொல்லுதான், வாராவ, வந்தீரு, போகும்லா போன்ற உருவங்களை அப்படியே வைக்க வேண்டும் என்பதையும் நான்கைந்து எடுத்துக்காட்டுகளோடு ஒரு சிறு குறிப்பாக இணைக்க வேண்டும். மெய்ப்புத் திருத்துபவருக்கு நெல்லைப் பேச்சு தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறிப்பு இல்லாவிட்டால் அவர் தம் கடமையைச் செய்து “சொல்லுதான்” என்பதைச் “சொல்கிறான்” என்று மாற்றுவார். மெய்ப்புப் படி உங்கள் கைக்கு வந்தால், அதில் முதலில் இந்த விகுதிகளை மட்டும் தனியாக ஒரு முறை பார்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றைப் படிக்கத் தொடங்குங்கள்.